பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பகல்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 37. கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். ஒரு வருடமாகத் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறேன் என்று கணவர் சொல்கிறார். சில நாள் குறட்டையும் உண்டாம். காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போயிருக்கிறது, வாயை முழுதாகத் திறக்கவே சிறிது நேரமாகிறது. ஒன்பது மணிக்குள் சரியாகிவிடும். மறுபடி மாலை ஐந்து மணி வாக்கில் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கும். போன மாதம் ஒரு கடைவாய்ப்பல்லின் ஓரம் பெயர்ந்து விழுந்தது. பல் மருத்துவர் "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அப்படி ஒன்றும் டென்ஷன் இல்லை. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு, ரப்பர் மாதிரி இருப்பது ஒன்றை நானே வாங்கிப் போட்டுப் பார்த்தேன்; இரண்டு வாரத்தில் வலி கூடியதுதான் மிச்சம். வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் அம்மா. கன்னத்தில் ஊசி போட்டால் நின்றுவிடும் என்கிறாள் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?

— பெயர் வேண்டாம்

பதில்: இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? அசைக்காமல் அப்படியே கவனியுங்கள். "ஆமாம், தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அதிலென்ன?" என்று தோன்றினால் உங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கேயே இருக்கிறது.

வாயை மூடினால் பற்களும் மூடியிருக்க வேண்டும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதடுகள் மூடியிருக்கலாம். ஆனால் தாடை ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ் பற்களுக்கு நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் பற்கள் தொட்டுக்கொள்ளும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 நிமிடத்தைத் தாண்டாது. கணக்கு வேலை செய்யும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 20 நிமிடத்துக்கு ஏற்பட்ட தசையை ஆறு மணி நேரம் லேசாக இறுக்கியே வைத்திருந்தால் மாலை ஐந்து மணிக்கு அது வலிக்காமல் என்ன செய்யும்?

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பயன்பட்டது வலி வரும் நேரங்கள். காலையில் ஒன்று, அது ஒன்பது மணிக்குள் போய்விடுகிறது. மாலையில் இன்னொன்று, அது புதிதாக வருகிறது. இரவில் நடப்பது மட்டுமே காரணமென்றால் வலி எழுந்தவுடன் உச்சத்தில் இருந்து நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் முழுதாக விட்டுவிட்டு மாலையில் திரும்பி வருகிறது என்றால், பகலிலும் உங்கள் தாடைத் தசைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இரவின் நறநற சத்தம் கணவர் காதில் விழுகிறது. பகலில் இறுக்குவதற்குச் சத்தமே கிடையாது, அதனால் யாரும் சொல்லவில்லை.

இரண்டும் ஒரே பழக்கத்தின் பகல் பாதி, இரவுப் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். அவை வெவ்வேறு விஷயங்கள். ஒருவருக்கு ஒன்று மட்டும் இருக்கலாம், உங்களைப் போல இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மன அழுத்தத்தோடு நெருக்கமாகக் கட்டுண்டிருப்பது பகல் பழக்கம்தான். நாம் நேரடியாகக் கைவைத்து மாற்றக்கூடியதும் அதுதான். அதனால்தான் நீங்கள் இரவைப் பற்றிக் கேட்டிருக்க, நான் பகலில் ஆரம்பிக்கிறேன்.

"எனக்கு டென்ஷன் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். என் அறைக்கு வரும் பல்லைக் கடிப்பவர்களில் பெரும்பாலானோர் அதையேதான் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. டென்ஷன் என்றதும் படபடப்பு, கோபம், அழுகை என்று நினைக்கிறோம். தாடைக்குத் தெரிந்த டென்ஷன் வேறு. ஒரு காரியத்தை முடித்தே தீர வேண்டும் என்று உடம்பைத் தயார்நிலையில் நிறுத்தி வைப்பது அது. கஷ்ட காலத்தை எப்படிக் கடந்தோம் என்று கேட்டால் "பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன்" என்கிறோமே, அந்தப் பேச்சு உடற்கூறு அறிந்து சொன்னது போலவே இருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்போதும், கூர்ந்து கவனிக்கும்போதும், அவசரப்படும்போதும் தாடை இறுகுகிறது. மனதுக்கு அது சிரமமாகவே தோன்றாமல் இருக்கலாம்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். 42 வயது, மொழிபெயர்ப்பு வேலை. எட்டு மாதத்தில் ஒரே கடைவாய்ப்பல்லின் அடைப்பு இரண்டு முறை உடைந்து வந்தார். இரவில் பல்லைக் கடிப்பதாக அவர் மனைவி சொல்லியிருந்தார். அவருக்கும் டென்ஷன் எதுவும் இல்லை. கன்னத்தின் உட்புறம் பார்த்தேன். பற்கள் சேரும் உயரத்தில் நூல் பிடித்தது போல ஒரு வெள்ளைக் கோடு. நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த வளைவுகள். இந்த இரண்டும் ஆரோக்கியமான வாயிலும் சில சமயம் இருக்கும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஆனால் பல்லைக் கடிக்கச் சொல்லிக் கன்னத்தில் கை வைத்தபோது தசை கல் போல எழும்பியது, அழுத்தியதும் "இந்த வலிதான் டாக்டர், தினமும் சாயங்காலம் வருவது" என்றார். தொட்டால் வருகிற வலியும் வழக்கமாக வருகிற வலியும் ஒன்றேதான் என்று நோயாளியே சொல்வது மற்ற அடையாளங்களைவிட முக்கியம்.

அவருக்கு முதல் வாரம் எந்தச் சிகிச்சையும் கொடுக்கவில்லை. எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான். கைபேசியில் ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் அதிரும்படி வைத்துக்கொண்டார். மணிக்கு ஒரு முறை என்று வைத்தால் பலிக்காது. உடம்பு அதை எதிர்பார்த்து முன்கூட்டியே நல்ல பிள்ளையாகிவிடும். அதிரும்போது இரண்டே விஷயம் குறிக்க வேண்டும்: பல் தொட்டிருந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். ஐந்து வேலை நாட்கள், 50 அதிர்வுகள். அதில் 29 முறை பல் தொட்டிருந்தது. அந்த 29-இல் 21 முறை அவர் கணினித் திரையில் சின்ன எழுத்தைப் படித்துக்கொண்டோ தட்டச்சு செய்துகொண்டோ இருந்தார். வாடிக்கையாளரோடு வாக்குவாதம் நடந்த நாளில்கூடப் பேசும்போது தொடவில்லை. பேசும் வாயில் பல் ஒட்டாது, இல்லையா? வாக்குவாதம் முடிந்து பதில் மின்னஞ்சலை எழுதும்போதுதான் ஒட்டியது.

தாளைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படியென்றால் என் வேலையேதான் டென்ஷனா?" என்று கேட்டார். வேலையை விட வேண்டியதில்லை, அந்த வேலைக்குத் தாடை தேவையில்லை என்று அதற்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

இதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள். முதல் வாரம் எண்ணுங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து, ஒவ்வொரு அதிர்வுக்கும் "ன்" என்று மெதுவாகச் சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். தந்நகரம் வேண்டாம், அதில் நாக்கு முன்பற்களில் முட்டும். றன்னகரம்தான் வேண்டும். அதைச் சொல்லும்போது நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போய் உட்காரும், கடைவாய்ப்பற்கள் தாமாகவே விலகி நிற்கும். உதடுகளை மெல்ல மூடி, மூக்கு வழியாக மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். தோளும் கூடவே கீழே இறங்கும். இதற்கு ஐந்து, ஆறு நொடிதான் ஆகும். வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. சிலர் பல்லை ஒட்டவிடக் கூடாது என்று தாடையைப் பிடித்துக் கீழே தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அதுவும் தசைக்கு வேலைதான். ஒரு வாரத்தில் காதுக்கு முன்னால் புதிதாக ஒரு வலி வந்தால் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தாடையைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை, தொங்க விடச் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, வேண்டுமென்றே பல்லை இறுக்கமாகக் கடித்து மூன்று எண்ணிவிட்டுச் சட்டென்று விட்டுப் பாருங்கள். விட்ட நொடியில் தாடை எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் இடம். இந்தப் பரீட்சையை ஒரு முறை, இரண்டு முறை செய்தால் போதும். கடித்துக் கடித்துப் பழகிவிட வேண்டாம்.

கணினியின் ஓரத்தில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டி வைத்து, கண்ணில் படும்போதெல்லாம் பல்லைக் கவனிக்கும் வழியும் இருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் நான்கைந்து நாளில் கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை இடத்தையும் நிறத்தையும் மாற்றுங்கள். பேனா முனையைக் கடிப்பது, நகம் கடிப்பது, மெல்லும் பசையை மணிக்கணக்கில் மெல்வது, தாடையைக் கையில் ஊன்றிக்கொண்டு படிப்பது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது, இவையெல்லாம் அதே தசைகளுக்கு வேலை வைப்பவை. உங்களிடம் எது இருக்கிறது என்று உங்கள் தாளே சொல்லிவிடும்.

அந்த மொழிபெயர்ப்பாளர் நான்காவது வாரக் கடைசியில் மறுபடி எண்ணினார். 50-இல் 9. மாலைத் தலைவலி ஏறக்குறைய போய்விட்டது. இரவுச் சத்தம்? அது அப்படியேதான் இருந்தது. வாரத்தில் மூன்று நான்கு இரவாவது கேட்கிறது என்றார் அவர் மனைவி. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலைச் சரிசெய்தால் இரவு தானாக நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது.

ஏன் என்று புரிய, இரவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. யாருக்குமே இரவில் பல முறை மூளை சில நொடிகள் விழிப்பின் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். காலையில் அது நினைவிருக்காது. அப்படி எட்டிப் பார்க்கும் சமயத்தில் முதலில் மூளை அலைகள் மாறும், இதயத் துடிப்பு வேகம் கூடும், அதற்கு அடுத்தபடியாகத்தான் மெல்லும் தசைகள் நொடிக்கு ஒரு முறை போலத் தாளகதியில் சுருங்கும். இந்த அசைவு, பல்லைக் கடிக்காதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு உண்டு. அவர்களிடம் குறைவாக, பலமில்லாமல் நடக்கும். உங்களைப் போன்றவர்களிடம் அடிக்கடியும் பலமாகவும் நடந்து, பல்லோடு பல் உரசிச் சத்தமாகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் போல இப்படி இருக்கிறார்கள்.

ஆகவே இரவில் வருவது அடக்கி வைத்த கோபமும் இல்லை, கெட்ட கனவும் இல்லை, பூச்சியும் இல்லை. பூச்சி இருப்பதாக வேறு அறிகுறி இல்லாமல் அதற்கு மாத்திரை சாப்பிட வேண்டாம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் இது வருகிறது என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே நம்பினார்கள். அந்தக் கருத்து இன்று நிற்கவில்லை. அதனால், கடி சரியாக உட்காரட்டும் என்று நல்ல பற்களை யாராவது ராவிவிடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது.

மன அழுத்தத்துக்கு இதில் என்ன பங்கு என்றால், அது தூக்கத்தை மேலோட்டமாக்குகிறது. மூளை எட்டிப் பார்க்கும் தடவைகள் கூடுகின்றன. அதே வேலையை மாலைக் காபியும் மதுவும் புகையும் செய்யும். பரம்பரையும் சேர்ந்துகொள்ளும். மனச்சோர்வு, பதற்றம் இவற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்ஸின் போன்ற சில மாத்திரைகளைத் தொடங்கிய பிறகு பல்லைக் கடிக்க ஆரம்பிப்பவர்களும் உண்டு. அப்படி ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் இந்த விவரத்தைச் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க அவருக்கு வழி உண்டு.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது. குறட்டை. அதை நான் கடந்து போக மாட்டேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் மூளை அடிக்கடி எட்டிப் பார்க்கும், பல்லையும் கடிப்பார்கள். உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டை நடுவில் திடீரென்று நின்று, சில நொடி அமைதியாகி, அப்புறம் திணறலோடு மூச்சு இழுக்கிறீர்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா, எழுந்ததும் தலை கனக்கிறதா, இரத்த அழுத்தம் அதிகமா என்றும் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் பல் மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மேல் பல் வரிசை முழுவதையும் மூடும் நைட் கார்டு சிலருக்கு அந்த மூச்சடைப்பை அதிகமாக்கும். மூச்சடைப்புக்குச் சிகிச்சை செய்த பிறகு பல் கடிப்பது தானே குறைந்தவர்களும் இருக்கிறார்கள். டென்ஷன் என்று பெயர் வைத்துவிட்டால் இதைத் தேட யாருக்கும் தோன்றாமல் போய்விடுகிறது. அந்தச் சொல்மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை அதுதான்.

மூச்சில் பிரச்சினை இல்லையென்று தெரிந்த பிறகு நைட் கார்டுக்கு வரலாம். நீங்கள் வாங்கியது மென்மையானது. மெத்தென்று ஏதாவது பல்லுக்கு நடுவில் கிடைத்தால் சிலருடைய தாடை அதை மெல்லத் தொடங்கிவிடும். உங்களுக்கு வலி கூடியதற்கு அது காரணமாக இருக்கலாம். அதோடு, உங்கள் பல்லுக்கென்று அளவெடுக்காததால் ஒரு பக்கம் முன்னதாகவே முட்டியிருக்கும். அதை எடுத்து வைத்துவிடுங்கள். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் கடினமான அக்ரிலிக் கார்டு வேறு ரகம். ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடியிருக்கும். வாயை மூடினால் எதிர்ப்பற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அதன்மேல் படும்படி ராவிச் சரிசெய்வார்கள். போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை திரும்பிப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இதைப் பலரும் செய்வதில்லை. முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டை மாதக்கணக்கில் போட வேண்டாம். மூடப்படாத பின்பற்கள் மெல்ல மேலெழும்பிக் கடியே மாறிவிடக்கூடும்.

நைட் கார்டு பல் கடிப்பதை நிறுத்தாது. தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து அதில் கீறல்களும் பள்ளங்களும் தெரிந்தால் வீணாகிவிட்டது என்று வருந்தாதீர்கள், அந்தப் பள்ளம் உங்கள் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. காலையில் சாதாரண சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவி உலர வைத்தால் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோழி சொல்வது போட்டுலினம் ஊசி. கன்னத் தசையின் பலத்தைக் குறைக்கும், மூன்று நான்கு மாதம் தாங்கும். ஊசி வேலை செய்யும்போதும் கடிக்கும் கட்டளை மூளையிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும், தசையால் பழைய வேகத்தில் நிறைவேற்ற முடியாது. மற்ற வழிகள் எல்லாம் பார்த்தும் வலி தாங்க முடியாதவர்களுக்கு அதற்கு ஓர் இடம் உண்டு. உங்கள் நிலையில் அதை முதலில் எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

காலை இறுக்கத்துக்கு வீட்டில் செய்ய ஒரு வழி. விரல்களைக் காது மடலின் அடிப்பகுதிக்கு முன்னால், கன்னத்தில் வைத்துப் பல்லை லேசாகக் கடித்தால் ஒரு தசை புடைக்கும். பல்லை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியை இரு பக்கமும் அந்த இடத்தில் 15 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டு விரலால் மேலிருந்து கீழாக, கன்ன எலும்பிலிருந்து தாடையின் மூலைக்கு, மெதுவாக நீவுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். வலிக்கிற முடிச்சில் விரலை நிறுத்தி, "இதமான வலி" என்று சொல்லக்கூடிய அளவுக்கு அழுத்தலாம், முகம் சுளிக்கும் அளவுக்கு வேண்டாம். நெற்றிப்பொட்டுக்கு மேலே விசிறி போல விரிந்திருக்கும் தசையையும் அதேபோல வட்டமாகத் தடவுங்கள். கடைசியாக நாக்கின் நுனியை அந்த "ன்" இடத்திலேயே வைத்துக்கொண்டு, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை ஆறு முறை திறந்து மூடுங்கள். நாக்கு அங்கே இருக்கும்வரை தாடை அளவுக்கு மீறித் திறக்காது. அதிகம் வலிக்கும் நாட்களில் கடினமானதைக் கடிப்பதும் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதும் வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இரவுக்கு. காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக் காபியில் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கிறது. மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள். மது உண்டென்றால் அது சீக்கிரம் தூங்கவைத்துப் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அலுவலகக் கணக்கை மூடிவிடுங்கள். மூடும்போது, நாளை செய்ய மீதியிருப்பவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் தலைக்குள் சுமந்துகொண்டு படுக்க வேண்டியதில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர் நள்ளிரவு வரை வேலை செய்வதையும் எட்டு மணிக் காபியையும் விட்டார், அக்ரிலிக் கார்டும் போட்டார். மூன்றாவது மாதத்தில் காலை இறுக்கம் வாரத்தில் ஒரு நாள் என்று வந்து நின்றது. இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சத்தம் இன்றும் எப்போதாவது கேட்கிறதாம். அடைப்பு மட்டும் அதற்குப் பிறகு உடையவில்லை.

ஒரு நல்ல இரவையோ ஒரு மோசமான இரவையோ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல் கடிப்பது இரவுக்கு இரவு மாறும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிடுங்கள், அதில் தெரிவதுதான் நம்பக்கூடியது.

வலி எல்லாமே இந்த வகையில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். வாய் திடீரென்று பூட்டிக்கொண்டு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை என்றாலோ, கடி திடீரென்று மாறியது போல இருந்தாலோ, ஒரு பல் மட்டும் கடித்து விடும் நொடியில் சுரீரென்றாலோ காத்திருக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது விரிசலின் அடையாளம். பெயர்ந்த ஓரம் உள்ள உங்கள் பல்லில் அதை அவசியம் சோதிக்கச் சொல்லுங்கள். மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் 50 வயதைத் தாண்டியவர் யாருக்காவது புதிதாக நெற்றிப்பொட்டு வலி வந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியதுதான், இரத்தக் குழாய் அழற்சியில் பார்வையே போய்விடக்கூடும்.

பெயர்ந்த பல்லை இப்போது ராவி மழமழப்பாக்கியோ சிறிய அடைப்பு வைத்தோ காப்பாற்றச் சொல்லுங்கள். பல்லின் மேல் உறை போல மாட்டும் பெரிய கிரீடம், விலையுயர்ந்த பீங்கான் வேலை எதுவும் தாடை அடங்கும்வரை வேண்டாம், அதையும் உடைப்பீர்கள். நான்கு வாரத் தாளோடு மறுபடி எழுதுங்கள். 50-இல் எத்தனை, எந்த வேலையின்போது, கணவர் குறட்டையைப் பற்றி என்ன சொன்னார் என்று மூன்றும் இருக்கட்டும்.